தக்கை மங்கும் நேரம்

எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர். அதில் மூன்று பேர் அறிவாளிகள் என்பது அந்த மூன்று பேருடைய கருத்து. மூன்று வருஷமாக நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மீன்பிடி விளையாட்டு. அறிவாளிகள் மூவரில் ஒருவனும் வாழ்நாளில் ஒரு கெண்டையைக்கூடப் பிடித்ததில்லை.

முதலாளி முத்துசுப்பிரமணியன், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு. வெளிநாட்டில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, தாமிரபரணியை உலகத்துக்குக் காட்டப்போகிறேன் என்று திரும்பி வந்தான். ஆறு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவன் வந்து காட்டவேண்டும் என்று யாரும் அழவில்லை. பாளையங்கோட்டை மகாராஜநகரில் ஒரு பல் டாக்டரின் மாடியைப் பிடித்தான். கீழே பல் ராவுகிற சத்தம், மேலே நாங்கள். படம் வரைவது சதாம், மேலப்பாளையத்துக்காரன். தண்ணீரை வரையச் சொன்னால் சோற்றை மறந்துவிடுவான். கிராபிக்ஸ் புரோகிராம் எழுதுவது நான், ஜெனோ. அப்பா அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். பிழை திருத்துவதையே சாப்பாடாக வைத்து வளர்க்கப்பட்டவன் நான். அடுத்தவன் பிழையைத்தான் சொல்கிறேன்.

நான்காவது ஆள் டார்லின். உவரி மீனவர் வீட்டுப் பெண், இருபத்துமூன்று வயது, பரிசோதகர். நாங்கள் செய்வதை நாள் முழுக்க விளையாடிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று எழுதவேண்டியது அவள் வேலை. ஆகஸ்டில் சேர்ந்தாள், ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்து வேலை உறுதியாகாவிட்டால், தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் அப்பா ஒரு நாற்காலி பேசி வைத்திருந்தார். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதை எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

விளையாட்டின் பெயர் 'வாளை'. பாபநாசத்தில் தொடங்கி ஆறு போகும் வழியெல்லாம் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடவேண்டும். தண்ணீரில் சிவப்பு முனை வைத்த தக்கை மிதக்கும். மீன் கொத்தினால் தக்கை ஒரு தடவை லேசாக அமுங்கும், பிறகு இன்னொரு தடவை. இரண்டாவது அமுங்கலில் பொத்தானை அமுக்கினால் மீன் உங்களுக்கு. கால் விநாடி பிந்தினால் மீன் ஆற்றுக்கு. அவ்வளவுதான் விளையாட்டு. இதற்கா மூன்று வருஷம் என்று என் மாமியார் கேட்டது நியாயம்தான்.

இதை முத்து தன்னுடைய ராட்சசக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தான். உலகத்தில் பாதிப் பேரிடம் இருப்பது ஆறு ஏழு வருஷம் பழைய கிராபிக்ஸ் கார்டு. அதில் எங்கள் ஆறு விநாடிக்கு முப்பது படம்கூட வரைய முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. அறுபது வேண்டும். அதாவது ஒரு படத்துக்குப் பதினாறு புள்ளி ஆறு மில்லிவிநாடிதான் நேரம்.

"ஏலே ஜெனோ, பழைய கார்டுலயும் அறுபது நிக்கணும். படமும் குறையப்படாது. என்ன செய்வியோ தெரியாது," என்றான் முத்து. முதலாளிகள் வரம் கேட்கிற அழகே அழகு.

செய்தேன். வழி இருக்கிறது. கார்டுக்கு நேரம் பற்றாமல் போகிறது என்று தெரிந்தால், அடுத்த படத்தைக் கொஞ்சம் சிறிதாக வரையச் சொல்வது. மாவு குறையக் குறைய தோசையைச் சின்னதாக ஊற்றுகிற மாதிரி. நேரம் மிஞ்சினால் மறுபடி பெரிதாக. நீள அகலம் பாதியானால் புள்ளிகள் கால்வாசிதான், கார்டு மூச்சு விடும். ஆனால் சின்னப் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் வழவழவென்று கண்றாவியாக இருக்கும். அதற்குத்தான் இரண்டாவது வித்தை. ஒவ்வொரு படத்திலும் விளையாட்டுக்குள் இருக்கிற கேமராவை ஒரு புள்ளிக்கும் குறைவாக இப்படி அப்படி நகர்த்தி வரைவது. போன படத்தில் விட்டுப்போன இடம் இந்தப் படத்தில் சிக்கும். முந்தைய படங்களில் சேர்த்து வைத்ததையும் இப்போதைய சின்னப் படத்தையும் கலந்து முழு அளவுப் படத்தைக் கட்டி எழுப்பிவிடலாம்.

இதில் ஒரே ஒரு கொக்கி. அசைகிற பொருள் எதுவாக இருந்தாலும், அது போன படத்தில் எங்கே இருந்தது என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். நகர்வுக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அது அசையவே இல்லை என்று நம்பி, பழைய இடத்திலேயே பழைய நிறத்தைப் பூசிக்கொண்டிருக்கும். பேய் மாதிரி ஒரு நிழல் பின்னால் தங்கிவிடும். இந்த வேலையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா?

இனி எங்கள் அலுவலக வழக்கத்தைச் சொல்லவேண்டும். திங்கட்கிழமைதோறும் 'படம் போடுதல்' என்று ஒரு சடங்கு. புது வெர்ஷனில் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு படம், முழு அளவில் வரைந்தது ஒன்று, பாதி அளவில் வரைந்து பெரிதாக்கியது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸப் குழுவில் போடுவேன். எது எது என்று முத்துவும் சதாமும் கண்டுபிடிக்கவேண்டும். மூன்று மாதமாக அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. முத்து கை கூப்புகிற பொம்மையாக அனுப்பித் தள்ளுவான். நான் அந்தப் பொம்மைகளை எண்ணிப் பார்த்த நாளும் உண்டு, என் லட்சணம் அது.

படம் எடுக்கிற கருவியும் நான் எழுதியதுதான். படம் சுத்தமாக வரவேண்டுமே என்று, எடுப்பதற்கு முன் விளையாட்டை ஒரு விநாடி நிறுத்திவைக்கும். நின்றுபோன ஆற்றை அறுபது படம் சேர்த்து வரைந்தால் பாதி அளவென்ன, மூன்றில் ஒரு பங்கு அளவுகூடக் கண்ணாடி மாதிரிதான் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே அதை வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விளையாட்டு செய்கிறவர்கள் யாரும் விளையாடுவதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய வெட்கக்கேடு.

விளையாடியது டார்லின் ஒருத்திதான். அதுவும் தன் சொந்த லேப்டாப்பில். கல்லூரியில் யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கியது, மூலையில் உடைந்து செலோடேப் ஒட்டியிருக்கும். கார்டு பழசிலும் பழசு. "பலவீனமான கார்டுக்கு இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது," என்று முத்து அதையே அவள் வேலை மிஷினாக்கிவிட்டான். சிக்கனத்துக்குச் சிக்கனம்.

அவள் முதல் ரிப்போர்ட்டே இப்படி இருந்தது: 'மீன் கடிக்கிறது தெரியவில்லை.'

நான் சிரித்தேன். கடல்காரப் பெண் அல்லவா, எங்கள் ஆற்று மீன் கொத்துகிற விதம் சரியில்லை என்கிறாள் என்று நினைத்தேன். நான் மட்டுமில்லை. சதாமும் அப்படித்தான் நினைத்தான், முத்துவும் அப்படித்தான். 'விளையாட்டில் இப்படித்தான் கடிக்கும்' என்று எழுதி, முடிந்த கணக்காக அந்த ரிப்போர்ட்டை மூடினேன். அடுத்த வாரம் இன்னொன்று: 'தக்கை அமுங்கினாலும் பழைய இடத்திலேயே நிற்கிற மாதிரி தெரிகிறது.' என் மிஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று அமுங்கியது. 'இங்கே வரவில்லை' என்று மூடினேன். என் மிஷினில் இருப்பது புத்தம்புதுக் கார்டு, அளவு நூறு சதவீதத்தை விட்டு இறங்கினதே இல்லை என்பதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நவம்பரில் ஒரு நாள் நேராகவே வந்து நின்றாள்.

"ஜெனோ அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? மீன் கடிக்கதுக்கு முந்தி தண்ணி, மரம் எல்லாமே மங்குது. மீன் வரப்போகுதுன்னா கொஞ்ச நேரம் முன்னாலயே மங்கிருது."

"மீன் வாரது கிராபிக்ஸ் கார்டுக்கு எப்படித் தெரியும்? போன் போட்டுச் சொல்லுதோ?"

சதாம் பக்கென்று சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு எப்படின்னு தெரியாது அண்ணே. மங்குது. அதான் சொல்லுதேன்."

"ரிப்போர்ட்டுல எழுதிப் போடு, பாப்போம்," என்றேன். எழுதிப் போட்டாள். பார்த்தேன். மூடினேன். பொங்கலுக்குள் அவள் எழுதிய பதினான்கு ரிப்போர்ட்டுகளை இப்படி மூடியிருந்தேன்.

பொங்கல் முடிந்து வந்ததும் முத்து என்னிடம் அவளைப் பற்றி மதிப்பீடு கேட்டான். பத்து நாளில் எங்கள் விளையாட்டின் முன்னோட்டத்தை உலகம் முழுக்க இலவசமாக விடப்போகிறோம், அதற்குள் ஆளை வைப்பதா விடுவதா என்று முடிவு செய்யவேண்டும் என்றான். ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். 'மீன்பிடிப்பு பற்றிய சொந்தக் கருத்துகளைப் பிழைகளாக எழுதுகிறார். கிராபிக்ஸ் பிழையை அடையாளம் காணத் தெரியவில்லை. தொடரவேண்டிய அவசியம் இல்லை.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்து எல்லோரையும் கூப்பிட்டான். வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த ஒளிவுமறைவில்லாத நிர்வாகம்! அந்த மதிப்பீட்டை அவள் முகத்துக்கு நேரேயே வாசித்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கீழே யாருக்கோ பல் ராவிக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்னம்மா சொல்லுத?" என்றான் முத்து.

அவள் முகம் கறுத்துவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அடையாளம் தெரியலன்னு போட்டிருக்காவ. சரி சார். என் லேப்டாப்புல பத்துத் தடவ தூண்டில் போடச் சொல்லுங்க, ஜெனோ அண்ணன. பெறவு நான் போடுதேன். அது போதும்."

"இது என்ன போட்டியா? நான் விளையாட வரல, வேலைக்கு வந்திருக்கேன்," என்றேன்.

"லே, உக்காந்துதான் பாரேன்," என்றான் முத்து. அவனுக்கு வேடிக்கை என்றால் உயிர்.

போய் உட்கார்ந்தேன். அந்த லேப்டாப்பின் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதமாக எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறது. விளையாட்டு ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, ஓட்டம் தண்ணீராக இருந்தது. மூலையில் அறுபது என்று எண் அசையாமல் நின்றது. பார்த்தியா என்கிற மாதிரி முத்துவைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் முதல் மீன் போய்விட்டது.

இரண்டாவது மீனுக்குக் கண்ணைச் சிமிட்டாமல் தக்கையைப் பார்த்தேன். சிவப்பு முனை நின்றது. பிறகு கொஞ்சம் கலங்கியது. அமுங்கினதா அமுங்கவில்லையா என்று யோசித்து முடிப்பதற்குள் 'மீன் தப்பியது' என்று எழுத்து வந்தது. அந்த எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது, ஏனென்றால் எழுத்தையெல்லாம் கடைசியில் முழு அளவில் தனியாக வரைகிறோம். என் தோல்வியை மட்டும் துல்லியமாகக் காட்டுகிற மாதிரி நானே எழுதி வைத்திருக்கிறேன். பத்தில் மூன்று பிடித்தேன். அதில் ஒன்று கை தவறிப் பட்டது.

"எனக்கு இந்த விளையாட்டெல்லாம் பழக்கம் இல்ல," என்றேன். மூன்று வருஷமாகச் செய்கிற விளையாட்டு!

டார்லின் உட்கார்ந்தாள். மேஜையிலிருந்து குறிப்பு எழுதுகிற மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றைக் கிழித்துத் திரையில் ஒட்டினாள். சரியாகத் தக்கையின் மேல். தக்கையும் இல்லை, அதைச் சுற்றிய தண்ணீரும் இல்லை. சத்தத்தையும் நிறுத்திவிட்டாள்.

"ஏய், என்னம்மா செய்யுத? தக்கைய மறச்சுட்ட?" என்றான் சதாம்.

"தக்கைய யாரு அண்ணே பாத்தா?"

அவள் கண் எதிர்க்கரையில் இருந்தது. அங்கே காற்றில் ஆடுகிற பனையோலைகள், சதாம் ஓலை ஓலையாக வரைந்தது. கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓலைகளின் நுனி கரைந்த மாதிரி ஆனது. அவள் உதடு அசைந்தது, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுகிறாள். அமுக்கினாள். மீன்.

இரண்டாவது மீன். மூன்றாவது மீன். முத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். நான்காவதும் வந்தது. ஒன்பது மீன் பிடித்தாள். பத்தாவதைத் தப்பவிட்டாள்.

"அது நீங்க குனிஞ்சு மறச்சிட்டிய," என்றாள் என்னிடம்.

"அப்போ மீன் வாரது கார்டுக்குத் தெரியுதுவே!" என்று முத்து ஏதோ அதிசயம் கண்டவன் மாதிரி கத்தினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியத்தான் செய்கிறது. நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கார்டின் நேரத்தைப் பதிகிற பட்டியலை அவள் லேப்டாப்பிலேயே திறந்தேன். மீன் இல்லாதபோது ஒரு படத்துக்குப் பதினைந்து மில்லிவிநாடி, அளவு எண்பத்தெட்டு சதவீதம். தூண்டிலைக் கொத்தப்போகிற மீன் கிட்டே வந்ததும் சதாமின் 'நீரடி ஒளி' தொடங்குகிறது. தண்ணீருக்குள் வெளிச்சம் வளைந்து நெளிகிற அந்த ஜாலம், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுக்கு. முத்துவின் ராட்சசனில் அது கொசுக்கடி. இந்தக் கார்டில் நேரம் சட்டென்று இருபத்தொன்றுக்கு ஏறுகிறது. ஏறியதும் என் புரோகிராம் சொன்னதைச் செய்கிறது: எட்டே படத்துக்குள் அளவை ஐம்பத்திரண்டு சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறது. ஓட்டம் அறுபதிலேயே நிற்கிறது. மொத்தப் படமும் மங்குகிறது. ஒன்றரை விநாடி கழித்துத் தக்கை அமுங்குகிறது.

ஆக, கண்ணுக்குத் தக்கை மிகத் தெளிவாகத் தெரியவேண்டிய ஒரே ஒரு கணம் எதுவோ, அந்தக் கணமாகப் பார்த்துப் படத்தைக் கெடுத்து வைத்திருந்தோம். மூன்று வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு விளையாட்டைப் பாழாக்க முடியாது.

"அளவு கொறஞ்சா என்ன? பெருசாக்குறப்போ சரியாகணும்லா? திங்கக்கிழமை படத்துல எல்லாம் சரியா இருந்துச்சே," என்றான் சதாம்.

அதுதான் நான் பயந்த கேள்வி. நிறுத்திவைத்த படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஓடுகிறபோது தக்கை ஏன் கலங்குகிறது? நகர்வுக்கணக்கை மட்டும் நிறமாகக் காட்டுகிற திரையைப் போட்டேன். அசைகிறதெல்லாம் நிறமாகத் தெரியவேண்டும், அசையாதது கறுப்பு. படகு நிறமாக நகர்ந்தது. கொக்கு நிறமாகப் பறந்தது. தக்கை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது, கன்னங்கரேலென்று.

ஜூலையில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அதுவரை தக்கையை அசைத்தது சாதாரண புரோகிராம், நகர்வுக்கணக்கும் தானாக வந்துகொண்டிருந்தது. அசைவைக் கார்டுக்குள்ளேயே, வரைகிற இடத்திலேயே செய்தால் கொஞ்சம் மிச்சம் என்று மாற்றினேன். நகர்வுக்கணக்கு எழுதுகிற பகுதியில் அதைச் சேர்க்க மறந்தேன். அதனால் கார்டைப் பொறுத்தவரை தக்கை அசைவதே இல்லை. முழு அளவில் தக்கை பத்துப் பன்னிரண்டு புள்ளி உயரம் இருக்கும், புது நிறம் பழைய நிறத்தை ஒருவாறு தள்ளிவிடும். பாதி அளவில் சிவப்பு முனை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. ஒரு படத்தில் சிக்கும், மறு படத்தில் சிக்காது. அமுங்கின பிறகும் பழைய சிவப்பு பழைய இடத்திலேயே தங்கும்.

'தக்கை அமுங்கினாலும் பழைய இடத்திலேயே நிற்கிற மாதிரி தெரிகிறது.' அவளுடைய இரண்டாவது ரிப்போர்ட். ஒரு எழுத்து மாற்றவேண்டியதில்லை. இதைவிட ஒழுங்காக அந்தப் பிழையை நானே எழுதியிருக்க முடியாது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கென்றே எங்கள் தொழிலில் நல்ல நல்ல வாக்கியங்கள் உண்டு. 'இது பல காரணிகள் சேர்ந்த சிக்கல்' என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓட்டலாம். சதாமின் ஏழு அடுக்கின் மேல் பழியில் முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தப்பு என்னுது," என்றேன். "ஜூலைலேருந்து. அவ எழுதுனது அத்தனையும் சரி. அந்த மதிப்பீட்டத் தூக்கிப் போடு, முத்து."

"தூக்கிப் போட்டாச்சு," என்றான் முத்து. அவளைப் பார்த்து, "நீ எங்கயும் போகப்படாது, கேட்டியா? திங்கக்கிழமை லெட்டர் வாங்கிக்கோ," என்றான். அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அதைத் துடைக்காமல் திரையில் ஒட்டின தாளை உரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பூராவும் வேலை. தக்கை போன படத்தில் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு நகர்வை எழுத வைத்தேன். தக்கை இருக்கிற இடத்தில் மட்டும் பழையதை நம்பாதே, புதியதை நம்பு என்று ஒரு முகமூடிப் படமும் கொடுத்தேன். சதாம் வயிறு எரிய எரிய ஏழு அடுக்கை இரண்டாக்கி, அதையும் கால் அளவில் தனியாக வரைந்து ஒட்டவைத்தான். அளவு அறுபத்தேழு சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பூட்டுப் போட்டேன். இப்போது மீன் வந்தால் பட்டியலில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். எதிர்க்கரைப் பனை அப்படியே ஆடியது.

திங்கட்கிழமை காலையில் டார்லின் தன் லேப்டாப்பில் ஓட்டினாள். இந்தத் தடவை தக்கையைப் பார்த்து விளையாடினாள். பத்தில் ஏழு. பிறகு பனையை மட்டும் பார்த்து விளையாடினாள். பத்தில் ஒன்று.

"இப்ப சரியா இருக்கு," என்றாள். பதினான்கு ரிப்போர்ட்டுகளையும் அவளே ஒவ்வொன்றாக மூடினாள்.

முத்து லெட்டரை நீட்டினான். நீட்டினவன் சும்மா இருக்கக் கூடாதா? நிர்வாகம் செய்யவேண்டுமே அவனுக்கு. இனிமேல் இப்படி ஆகாமல் இருக்கப் பாடம் கற்கவேண்டும் என்று ஆரம்பித்தான்.

"ஏம்மா, இத்தன நல்லாக் காட்டத் தெரிஞ்சவ, அஞ்சு மாசம் எழுதிக்கிட்டே இருந்திருக்க. அன்னைக்கே லேப்டாப்பத் தூக்கிட்டு இவன் மேஜைக்குப் போயிக் காட்டிருந்தா ஒரு நாளுல முடிஞ்சிருக்கும்லா?"

அவள் லெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"தூக்கிட்டுப் போனேன் சார். சேந்த ரெண்டாவது வாரம். ஜெனோ அண்ணன் மேஜையில வைக்கப் போனேன். 'அங்கனயே வச்சுக்கோ தாயி, மீன் வாடை இங்கன வேண்டாம்'னு சொன்னாவ. எல்லாரும் சிரிச்சிய. நீங்களும் சிரிச்சிய சார்."

முத்து கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். சதாம் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்கு அது ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அது என் வாய்தான், அந்தத் 'தாயி' என் தாயிதான். போகிற போக்கில் நாலு பேர் சிரிப்பதற்காகச் சொல்லிவிட்டு, காப்பி குடிக்கப் போயிருப்பேன். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எட்டடி திரும்பி நடந்திருப்பாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"தப்பா சொல்லிட்டேன், டார்லின்," என்றேன்.

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். அவள் சொல்லவில்லை.

"திருத்துனதுக்குப் பெறவு மூணாவது கட்டம் இன்னும் பாக்கல அண்ணே. அங்க மழை பெய்யும். மழைக்கு நகர்வு எழுதிருக்கியளா?" என்றாள்.

எழுதவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன்.